ஒரே பார்கோடு, இரண்டு விலை: 20 விநாடி விளக்கப் படம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்மாவட்டங்களில் மளிகைக் கடைகளுக்கும் ஃபேன்சி ஸ்டோர்களுக்கும் பில்லிங் மென்பொருள் விற்கும் சிறு நிறுவனம் ஒன்றில் 2025 ஜூலையில் தொடங்கிய வேலை இது. அங்கே விற்பனை முழுக்க நேரில்தான் நடக்கும். விற்பனையாளர் பைக்கில் கடை கடையாகப் போவார். பையில் லேப்டாப் இருக்கும், ஆனால் கடையில் அதை வைக்க இடம் இருக்காது. கல்லாவைச் சுற்றி மிட்டாய் டப்பா, தராசு, பில் மெஷின், சில்லறைப் பெட்டி என்று எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும். அதனால் போனில் ஒரு படத்தைப் போட்டு அண்ணாச்சியிடம் நீட்டுவதுதான் வழக்கம்.

அப்போது கையிலிருந்த படம் ஒன்றரை நிமிடம் ஓடும். பில் போடுவது, ஸ்டாக், கடன் பாக்கி, வாட்ஸப்பில் பில் அனுப்புவது, மாத அறிக்கை என எல்லாமே அதில் இருந்தன. ஒரு வாடிக்கையாளர் காசு கொடுத்துக் கிளம்பி, அடுத்தவர் சாமான் சொல்லத் தொடங்கும் வரைதான் கடைக்காரரின் கண் நமக்குக் கிடைக்கும். ஒன்றரை நிமிடப் படத்தில் அவர் பார்த்தது நிறுவனத்தின் லோகோவும் "வணக்கம்" என்ற குரலும் மட்டும்தான். விற்பனையாளர்கள் இதைச் சொன்ன பிறகு, 20 விநாடியில் ஒரே ஒரு சிக்கலைக் காட்டும் படம் எடுப்பது என்று முடிவானது. வசனம் எழுதும் வேலை எனக்கு வந்தது.

கடையில் பார்த்தது

எழுத உட்காரும் முன், இதே மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு மளிகைக் கடையில் மாலை நேர வியாபாரத்தைப் பார்த்தோம். நடுத்தரக் கடை. கல்லாவில் அண்ணாச்சி, கம்ப்யூட்டரில் ஒரு தம்பி, உள்ளே சாமான் எடுத்துக் கொடுக்க இரண்டு பேர். பாக்கெட் சாமானை ஸ்கேன் செய்வார்கள். பருப்பு, சீனி போன்ற சில்லறைச் சாமானுக்குப் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டி எடைபோடுவார்கள்.

தேங்காய் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போன வருஷம் அது. கொப்பரை கிடைப்பதே பாடாக இருந்தது. கம்பெனிகள் எம்ஆர்பியைக் கூட்டிக்கொண்டே போயின. கடையின் ஒரே தட்டில் அரை லிட்டர் பாக்கெட்டில் 198 ரூபாய் அச்சிட்ட பழைய சரக்கும், 235 அச்சிட்ட புதுச் சரக்கும் கலந்து இருந்தன. இரண்டுக்கும் அட்டை ஒன்றுதான், பார்கோடும் ஒன்றுதான்.

பார்கோட்டில் விலை கிடையாது என்பது பல கடைக்காரர்களுக்கே தெரிவதில்லை. 890 என்று தொடங்கும் அந்த 13 இலக்க எண் சரக்கை மட்டும்தான் அடையாளம் காட்டும். விலை கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. எம்ஆர்பி ஏறும்போது கம்பெனிகள் பெரும்பாலும் எண்ணை மாற்றுவதில்லை. ஆகவே மென்பொருளில் பல விலை வைக்கும் வசதியைப் பயன்படுத்தாவிட்டால், எந்தப் பாக்கெட்டை ஸ்கேன் செய்தாலும் கம்ப்யூட்டரில் கடைசியாகப் பதிந்த விலைதான் வரும்.

நாங்கள் நின்றிருந்தபோதே அது நடந்தது. ஒரு அம்மா எடுத்தது பழைய பாக்கெட். பில்லில் 235 வந்தது. அவர் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டி, "இதுல நூத்தித் தொண்ணூத்தி எட்டுன்னு போட்டிருக்கே" என்றார். தம்பி விலையை அழித்துக் கையால் திருத்தினார். பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். இது வெறும் வாக்குவாதம் மட்டுமல்ல. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது, 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளின்படி குற்றம். கடைக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை என்பதெல்லாம் சோதனைக்கு வருபவரிடம் எடுபடாது.

எதிர்ப்பக்க நஷ்டம் சத்தமில்லாமல் நடக்கும். கம்ப்யூட்டரில் 198 என்றே இருந்து, வாடிக்கையாளர் புதுப் பாக்கெட்டை எடுத்துவந்தால், கடைக்கு 37 ரூபாய் போகும். அதைச் சுட்டிக்காட்ட எந்த வாடிக்கையாளரும் திரும்பி வரமாட்டார். "இதுக்குத்தான் பழசு தீர்ற வரைக்கும் புதுசை உள்ளயே வெச்சிருக்கேன். தட்டுல எப்படிக் கலந்துச்சுன்னு தெரியலை" என்றார் அண்ணாச்சி. எப்படிக் கலந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது. தட்டு காலியாகத் தெரிந்ததும் உள்ளே இருந்த பையன் கைக்கு எட்டிய அட்டைப் பெட்டியைப் பிரித்து அடுக்கியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

எந்தச் சிக்கலை எடுப்பது

அலுவலகத்தில் இதற்குப் போட்டியாக இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று ஜிஎஸ்டி பில். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் மளிகைக் கடைக்குப் பொதுவாகப் பதிவே தேவையில்லை. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாமே வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர் பில்லில் வரியைத் தனியாக வாங்கக் கூடாது. நம் விற்பனையாளர் ஏறி இறங்கும் கடைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு ரகம். அவர்களிடம் வரி பிரித்துக் காட்டும் பில்லை நீட்டினால் "இது நமக்கு இல்ல தம்பி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று கடன் நோட்டு. எல்லாக் கடையிலும் உள்ள சிக்கல்தான். ஆனால் கடன் நோட்டு என்பது இரண்டு பேருக்கு நடுவிலான சமாச்சாரம். யாருக்கு எவ்வளவு, எப்போது கேட்பது, யாரிடம் கேட்கவே கூடாது என்பதெல்லாம் அண்ணாச்சியின் தலைக்குள் இருக்கிறது. அதை 20 விநாடியில் காட்டினால் பாக்கியை நினைவூட்டும் ஒரு வாட்ஸப் செய்திதான் மிஞ்சும். அதையே இலவசமாகச் செய்யும் ஆப்கள் ஏற்கெனவே பல போன்களில் இருக்கின்றன.

இரண்டு விலைச் சிக்கலுக்கு ஒரு வசதி உண்டு. அதைச் சொற்கள் இல்லாமலே காட்டலாம். இரண்டு பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்து விலை அச்சிட்ட இடத்தை விரலால் தொட்டால், கடைக்காரருக்கு உடனே புரிந்துவிடும். தீர்வையும் கண்ணால் பார்க்கலாம். ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கிறது, இரண்டு விலையும் வரிசையாக நிற்கின்றன, ஒன்றைத் தேர்ந்தால் பில்லில் அதே விலை வருகிறது. சிக்கலும் தீர்வும் கேமராவுக்குள் அடங்குகிற ஒன்று இது மட்டும்தான் என்பதால் இதையே எடுத்தோம்.

வசனம்

முதல் வரைவில் குரலுக்கு அறுபது சொல்லுக்கு மேல் இருந்தது. 20 விநாடிக்குள் படித்தபோது ஏலம் விடுவதுபோல் கேட்டது. இடையில் மூச்சுவிட்டுப் பேச, தமிழில் விநாடிக்கு இரண்டு சொல் என்பதே தாராளம். அதிலும் பீப் சத்தத்துக்கும் பிரிண்டர் சத்தத்துக்கும் இடம் விட வேண்டும். அப்படிக் கழித்துக்கழித்து இருபத்தைந்து சொல்லுக்குள் வந்து நின்றது இது:

0–4: கல்லாப் பலகையில் இரண்டு எண்ணெய் பாக்கெட். விரல் ஒன்றின் விலையைத் தொடுகிறது, பிறகு மற்றதன் விலையை.
குரல்: "எண்ணெய் ஒண்ணுதான். இது பழைய சரக்கு, இது புதுசு. விலை வேற."

4–7: பார்கோடுகள் நெருக்கத்தில். ஸ்கேனர் பழைய பாக்கெட்டை நோக்கி வருகிறது.
குரல்: "ஆனா பார்கோடு ஒண்ணு. பில்லுல எது வரும்?"

7–13: பீப். திரையில் பெட்டி: 235, 198. கை கீழ் அம்புக்குறியை அழுத்தி, என்டர் தட்டுகிறது.
குரல்: "ரெண்டு விலையும் கேக்கும். பாக்கெட்ல இருக்கறதை எடுங்க."

13–17: பிரிண்டரிலிருந்து பில் வருகிறது. பில்லைப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பிடிக்கிறார்கள். இரண்டிலும் 198. குரல் இல்லை, பிரிண்டர் சத்தம் மட்டும்.

17–20: மென்பொருளின் பெயர், போன் எண்.
குரல்: "சண்டையும் இல்ல, நஷ்டமும் இல்ல."

13 முதல் 17 வரை யாரும் பேசாமல் விட்டதை அலுவலகத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு விநாடி வீணாகிறது என்றார் ஒருவர். ஆனால் கடைக்காரர் பில்லில் இருக்கும் எண்ணையும் பாக்கெட்டில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க அந்த நேரம் வேண்டும். குரல் ஓடினால் கண் அங்கே நிற்காது. கடைசி வரி எனக்கு முழுத் திருப்தி இல்லாத ஒன்று, கொஞ்சம் விளம்பர வாடை. விற்பனையாளர்களுக்குப் பிடித்திருந்ததால் விட்டுவிட்டேன்.

எடுத்த விதம்

கடையிலேயே எடுத்தோம், அந்தத் தம்பியின் கையையே காட்டினோம். ஒரே ஒரு விஷயத்தில் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் திரையை போன் கேமராவில் எடுத்தால் கோடு கோடாக ஓடும். ஷட்டர் வேகத்தைக் கையால் குறைத்து வைத்தால் பெருமளவு அடங்கும், ஆனாலும் எழுத்து மங்கலாகவே இருந்தது. ஆகவே திரைக் காட்சியை ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் எடுத்து இடையில் சேர்ப்பது என்று ஆயிற்று. எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் பெட்டி பளிச்சென்று திறக்கும். கடையில் இருந்ததோ பழைய மெஷின், ஸ்கேன் செய்து ஒரு விநாடிக்கு மேல் கழித்துத்தான் திறந்தது. வேகமானதைப் போட்டால் வாங்கின பிறகு "படத்துல வந்த மாதிரி வரலையே" என்ற பேச்சு வரும். கடையின் மெஷினிலேயே பதிவு செய்து அந்தத் தாமதத்தை அப்படியே வைத்தோம். 7 முதல் 13 வரை ஆறு விநாடி ஒதுக்கியதற்கு அதுவே காரணம்.

திரையின் இடப்பக்க மெனுவை மறைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, விலைப்பெட்டி மட்டும் தெரியும்படி வெட்டினோம். போனைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாலும் 198 படிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. கடைச் சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் வசனம் முழுதும் எழுத்தாகவும் கீழே ஓடியது.

வெளியிட்ட பிறகு

ஆகஸ்டில் படம் விற்பனையாளர்களின் போனுக்குப் போனது. முன்பு படம் பார்த்த கடைக்காரர்கள் கேட்பது "எவ்வளவு?" என்ற ஒரு கேள்விதான். இப்போது சிலர் எழுந்துபோய் தம் தட்டிலிருந்தே இரண்டு விலையுள்ள பாக்கெட்டைத் தேடி எடுத்துவந்து "இதை அடிச்சுக் காட்டுங்க" என்றார்கள். விற்பனையாளர் லேப்டாப்பைத் திறக்க அவர்களே மிட்டாய் டப்பாவை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். நாங்கள் எதிர்பார்த்தது இதைத்தான்.

அடுத்துத்தான் சிக்கல் தொடங்கியது. புதிதாக வாங்கிய கடைகளிலிருந்து சப்போர்ட்டுக்கு ஒரே மாதிரி அழைப்பு வந்தது: "பெட்டி வரலை." முதலில் அமைப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார்கள். ஒரே சரக்குக்குப் பல எம்ஆர்பி வைக்கும் வசதியை ஆன் செய்யாமல் விட்ட கடைகள் ஒன்றிரண்டு இருந்தன. மற்றவை அப்படியல்ல, வசதி ஆன் ஆகியே இருந்தது.

ஒரு கடையின் கதை இது. பிஸ்கட் சரக்கு புது விலையில் வந்தது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் அந்தச் சரக்கின் பதிவைத் திறந்து, பழைய விலையை அழித்துப் புது விலையை எழுதினார். அதாவது, நோட்டில் அடித்துத் திருத்துவதுபோல். மென்பொருளைப் பொறுத்தவரை அந்தச் சரக்குக்கு எப்போதும் ஒரே விலைதான் இருந்திருக்கிறது. இரண்டு விலை இருந்தால்தானே பெட்டி திறக்கும்? கொள்முதல் பில்லைப் பதியும்போது புது எம்ஆர்பியை எழுதினால்தான், மென்பொருள் அதைப் புதிய தொகுதியாகத் தனியே வைத்துக்கொள்ளும். பழைய தொகுதியும் அதன் மிச்ச எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். ஸ்கேன் செய்யும்போது திறக்கும் பெட்டி, கொள்முதல் பதிவின் விளைவு.

இங்கேதான் எங்கள் படத்தின் எல்லை தெரிந்தது. சிக்கல் கல்லாவில் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே கேமராவைக் கல்லாவில் வைத்தோம். தீர்வு நடப்பதோ லோடு இறங்கிய அன்று, சப்ளையரின் பில்லைப் பார்த்துப் பதியும் நேரத்தில். கொள்முதல் பில்லையே பதியாமல், ஸ்கேனரை விற்பனைக்கு மட்டும் வைத்திருக்கும் கடைகள் நிறைய. அவற்றுக்கு இந்தப் படம் காட்டும் வசதி கிடைக்காது. சப்போர்ட் ஆள்கள் போனிலேயே கொள்முதல் பதியச் சொல்லிக் கொடுத்தார்கள். பழகிக்கொண்ட கடைகளில் பெட்டி வந்தது. "லோடு இறங்கற அன்னிக்கு எனக்கு ஏது நேரம்?" என்று கேட்டவர்களுக்கு வரவே இல்லை. அவர்களில் சிலர் மென்பொருளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பெட்டி சரியாக வருகிறதா என்பதைக் கடையில் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பெட்டியில் ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் மிச்ச எண்ணிக்கை காட்டும். 198-க்கு எதிரே 6 என்று இருந்து தட்டிலும் ஆறு பழைய பாக்கெட் இருந்தால் எல்லாம் ஒழுங்கு. கழித்தல் குறியோடு ஒரு எண் தெரிந்தால், கல்லாவில் யாரோ பாக்கெட்டைப் பார்க்காமல் என்டர் தட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

செப்டம்பர் 22

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. ஒரே வாரத்தில் கடைத் தட்டு முழுக்க இரண்டு விலைச் சரக்கு. விற்பனையாளர்களுக்குக் கொண்டாட்டம், இதே படத்தை சோப்புக்கும் காட்டத் தொடங்கினார்கள்.

ஆனால் சோப்பின் கதை எண்ணெயின் கதையல்ல. எண்ணெயில் பழைய பாக்கெட்டில் விலை குறைவு, அதற்கு மேல் விற்கக் கூடாது. ஆகவே பாக்கெட்டில் இருப்பதையே எடுப்பது சரி. சோப்பில் பழைய அட்டையில் அச்சிட்டிருப்பது கூடுதல் விலை, அதற்குள் பழைய 18 சதவீத வரி இருக்கிறது. 45 ரூபாய் சோப்பை எடுத்துக்கொண்டால், வரி நீக்கிய விலை 38 ரூபாய் 14 காசு. அதன்மேல் 5 சதவீதம் சேர்த்தால் 40 ரூபாய்தான் வருகிறது. 22-ஆம் தேதி முதல் விற்கும் பழைய சோப்பையும் அந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும், அட்டையில் 45 என்று இருந்தாலும். வரி இறங்கியதன் பலன் வாங்குபவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அரசு சொன்னது. விற்காமல் இருக்கும் சரக்கில் பழைய விலையை மறைக்காமல் புது விலையை ஒட்டிக்கொள்ளவும் அனுமதி தந்தது.

படம் சொல்லிக்கொடுத்தபடி "பாக்கெட்ல இருக்கறதை" எடுத்த தம்பிகள் 45-ஐத் தேர்ந்தார்கள். ஒரு கடையில் வாடிக்கையாளர் செய்தித்தாளில் பார்த்த விலையைச் சொல்லிக் கேட்டபோதுதான் விஷயம் எங்கள் காதுக்கு வந்தது. அன்று மாலையே விற்பனையாளர்களுக்குக் குரல் செய்தி போனது: சோப்பு, பற்பசைக்கு இந்தப் படத்தைக் காட்ட வேண்டாம். கடைகளுக்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதினோம். பழைய தொகுதியில் எம்ஆர்பி 45 என்றே இருக்கட்டும், விற்பனை விலையை மட்டும் 40 ஆக்குங்கள் என்பது அதன் சாரம். இந்த மென்பொருளில் எம்ஆர்பியும் விற்பனை விலையும் தனித்தனிக் கட்டங்கள் என்பதால் இது முடிந்தது. வரி போட்டு பில் கொடுக்கும் கடைகள் சரக்கின் வரி விகிதத்தையும் 22-ஆம் தேதி முதல் 5 என்று மாற்றியாக வேண்டும். அதை விட்டால் விலை சரியாக இருந்தும் பில்லில் வரிக் கணக்கு தப்பாக வரும்.

படத்தில் சோப்பு இல்லாமல் எண்ணெய் இருந்தது தற்செயல்தான். ஜூலையில் தட்டில் கிடந்தது அது.

இனி மாற்றுவது

புதிய பதிப்பும் 20 விநாடிதான். முதல் ஏழு விநாடி அப்படியே இருக்கும். திரைப் பெட்டிக்கு ஐந்து விநாடி, பில்லுக்கு மூன்று. மிச்சமிருக்கும் ஐந்தில் லோகோவுக்கு ஒன்று போதும், போன் எண் விற்பனையாளரின் கார்டிலேயே இருக்கிறது. நான்கு விநாடியில் கொள்முதல் திரை வரும். சப்ளையரின் பில் மேசையில் இருக்கும், எம்ஆர்பி கட்டத்தில் விரல்கள் 235 என்று தட்டும். அதற்கான குரல்: "லோடு வந்த அன்னிக்கே புது விலையை இங்க போட்டுடுங்க."

கடைசியில் வந்த "சண்டையும் இல்ல, நஷ்டமும் இல்ல" போகிறது. "பாக்கெட்ல இருக்கறதை எடுங்க" என்ற வரியும் மாறுகிறது. விலை ஏறிய சரக்குக்கு மட்டும் பொருந்தும் அறிவுரை அது. "கையில இருக்கற சரக்குக்கு எந்த விலையோ, அதை எடுங்க" என்று எழுதிப் பார்த்தோம். நீளம் கூடுகிறது, ஆனால் ஐந்து விநாடிக்குள் அடங்கிவிட்டது.

விற்பனையாளர்கள் படத்தைக் காட்டும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றும் முடிவாகியிருக்கிறது: "அண்ணாச்சி, கொள்முதல் பில்லை யார் பதியுறாங்க?" யாரும் பதிவதில்லை என்ற பதில் வந்தால் இந்தப் படம் அந்தக் கடைக்கு இல்லை. அங்கே கொள்முதல் பதிய ஆள் உண்டா, சப்ளையர் பில்லை நேரடியாக ஏற்ற வழி உண்டா என்ற பேச்சுதான் முதலில் நடக்க வேண்டும். இதனால் விற்பனை குறையும் என்று விற்பனைப் பிரிவு சொல்கிறது, குறையத்தான் செய்யும். மென்பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடைகளும் சப்போர்ட்டுக்கு வரும் அழைப்புகளும் எவ்வளவு குறைகின்றன என்பதை அதோடு சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே இந்தக் கேள்வியை நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுப்பதாகப் பேச்சு.